இரண்டாவது லாரி

கூரையின் பாதிக்குக் கான்கிரீட் கொட்டியாகிவிட்டது. மீதிப் பாதிக்கான லாரியைக் காணோம். கொட்டிய ஓரம் வெயிலில் இறுகிக்கொண்டிருந்தது. மேஸ்திரி, லாரி ஓட்டும் மச்சானிடம் போனில் கத்தினார்.

"பன்னெண்டு கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரமாடா? ரோட்டுல அம்பதுன்னு போர்டு போட்டிருக்கானே! அதைக் கணக்கு பண்ணித்தான் உன்னைக் கிளம்பச் சொன்னேன்."

"அம்பதைத் தாண்டாதேன்னுதான் மாமா அந்த போர்டு. ஓடுறப்ப நாப்பதுல ஓடுறேன், ஆனா ஓடுற நேரத்தைவிட நிக்கிற நேரம் ஜாஸ்தி. பச்சை விழுது, நாலு வண்டி நகருது, பஸ் குறுக்க நிக்குது, மறுபடி சிவப்பு. எல்லாம் சேத்தா மணிக்குப் பன்னெண்டுதான் தேறும்."

"முதல் லாரி சட்டுனு வந்துச்சே!"

"அது விடியுமுன்ன வந்தது. இந்த நேரத்துக்கு நேத்து எவ்வளவு ஆச்சுன்னு கேட்டு, அதுக்கு மேல கால் மணி கூட்டி, முன்கூட்டியே கிளப்பியிருக்கணும் மாமா. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

மேஸ்திரி போனைத் துண்டித்தார். லாரி வந்து நின்றபோது, ஓரத்தில் கம்பியைக் குத்திப் பார்த்தார். இறங்கவில்லை. இனி புதுக் கலவை பழசோடு ஒட்டாது; மழை வந்தால் அந்தக் கோட்டில்தான் ஒழுகும்.

"கொட்டட்டுமா மாமா?"

"வேண்டாம். திருப்பிக்கிட்டுப் போ."

கீழே வீட்டுக்காரர் அண்ணாந்து பார்த்துச் சிரித்தார். "முடிஞ்சுதா மேஸ்திரி?"

"பாதிதாங்க," என்றார் மேஸ்திரி. "அதையும் இடிக்கணும்."