அடுத்த வருடத்தில் நின்ற கணினி

இன்றோடு என் வேலை போயிற்று, வீட்டில் என்ன சொல்வேன் என்று நினைத்துக்கொண்டே அவள் திரையைப் பார்த்தாள். லிஃப்ட் பராமரிப்பு அலுவலகத்தின் ஒரே கணினி அது. மெயில், வங்கி என்று எந்தத் தளத்தைத் திறந்தாலும் அதன் பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியாகிவிட்டது என்றே எச்சரித்தது.

“எதையோ தட்டித் தொலைச்சிருக்க. உன்னோட மாரடிக்கறதே எனக்குப் பொழப்பாப் போச்சு” என்றார் மேனேஜர்.

உலகத்துத் தளங்கள் அத்தனையும் ஒரே நாளில் எப்படிக் காலாவதியாகும்? சந்தேகத்தோடு திரையின் மூலையைப் பார்த்தாள். தேதி ஒரு வருடத்துக்கும் மேல் தள்ளிப் போய், அடுத்த வருடத்தைக் காட்டியது. தளத்தின் சான்றிதழ் எதுவரை செல்லும் என்பதைக் கணினி தன் கடிகாரத்தை வைத்துத்தான் முடிவு செய்யும். நேரம் தானாகச் சரியாகும் வசதியையும் யாரோ அணைத்திருந்தார்கள். சரிசெய்ததும் எல்லாத் தளங்களும் திறந்தன.

பிரிண்டரில் கிடந்த தாள்களை எடுத்தபோது அந்த நிம்மதியும் போனது. அடுத்த வருடத் தேதியிட்ட லிஃப்ட் சோதனை அறிக்கைகள், இன்னும் நடக்கவே நடக்காத சோதனைகளுக்கு. அச்சாகும்போது கணினியின் தேதிதான் அவற்றில் விழும்.

“ஓ, அதுவா? நேத்து நான்தான் மாத்தினேன், திருப்பி வைக்க மறந்துட்டேன்” என்று மேனேஜர் சிரித்தார். “ஆஸ்பத்திரி லிஃப்டுது மட்டும் பாக்கி. மறுபடி தேதியை மாத்தி அடிச்சுக் குடும்மா. முடியாதுன்னா நாளையிலேருந்து வராத.”

இன்னொரு வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கை அவளுக்குத் துளியும் இல்லை.

“முடியாது சார்” என்றாள். குரல் அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை.