கத்திக்கு நடந்த பேரம்

சித்தூர்க் கடைத்தெருவில் தன்னைப் பேரத்தில் ஜெயித்தவன் கிடையாது என்று மாசிலாமணி சொல்லிக்கொள்வான். அந்த மதியம் மனைவி வினோதினி அவனுடைய பாத்திரக்கடைக்குள் நுழைந்தபோது, அவன் தன் இரண்டு வயது மகளிடம் தோற்றுக்கொண்டிருந்தான்.

காய் நறுக்கும் கத்தி வேண்டுமென்று தன்வி தரையில் புரண்டாள். கரண்டி கொடுத்தான், வீசினாள். மிட்டாயைக் காட்டினான், இன்னும் உரக்க அலறினாள். கடைசியில் செல்போனையே நீட்டினான். வீறிட்டால் விலை ஏறும் என்று பிள்ளை அரை மணியில் கற்றுவிட்டது. அப்பனுக்குத்தான் உறைக்கவில்லை.

"ஏனுங்க, இவ தூங்குனாளா?"

"எங்க தூங்கறது? வந்தவங்களுக்கெல்லாம் ஆடிக் காட்டிட்டிருந்தா."

தூக்க நேரம் தாண்டி ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. பெரிய வியாபாரி! எதிராளிக்கு என்ன வேண்டுமென்றே தெரியாமல் பேரம் பேசியிருக்கிறான்.

வினோதினி கத்தியை மேல்தட்டில் வைத்தாள். குடங்களை நகர்த்திவிட்டு மகளருகே தரையில் உட்கார்ந்தாள்.

"கத்தி வெட்டிரும் கண்ணு, தர மாட்டேன். கோவமா வருதா? அம்மா இங்கதான் இருக்கறேன்."

அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. தன்வி உதைத்தாள், கத்தினாள். சத்தம் மெல்ல விசும்பலானது; அவளே அம்மா மடியில் வந்து விழுந்தாள்.

"இந்த மிட்டாயைக் குடுத்துரட்டா?"

"சும்மா இருங்க. நாளைக்கு இதுக்குன்னே கத்துவா."

கண் சொருகிய மகளை மாசிலாமணி வாய்பிளந்து பார்த்தான்.

"ஒண்ணுமே குடுக்காம பேரத்தை எப்படிப் புள்ள முடிச்சே?"