கேள்விகள் கடைசியில்

வங்கி அதிகாரிக்குத் தொண்டை வறண்டிருந்தது. பொதுக்கூடத்தில் மைக் சத்தத்தைவிட மின்விசிறியின் சத்தம்தான் பலமாகக் கேட்டது. முன்வரிசைப் பெரியவர்கள் தலையை ஆட்டினார்கள். சம்மதித்து ஆட்டினார்களா, தூங்கி வழிந்தார்களா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. ஊர் ஊராகப் போய் இதையே பேசிப் பேசி அவளுக்கு அலுத்துவிட்டது.

"ரகசிய நம்பரை யார்கிட்டயும் சொல்லக்கூடாது. பேங்க்ல இருந்து பேசறேன்னு சொன்னாலும் சொல்லக்கூடாது."

மூன்றாம் வரிசையில் ஒரு கை உயர்ந்தது. வீடு வீடாக முட்டை விற்கும் அம்மா.

"கேள்வியெல்லாம் கடைசில கேக்கலாம்மா," என்றாள் அதிகாரி. இடையில் ஒருவரைப் பேசவிட்டால் பேரன் கல்யாணம் வரைக்கும் போய்விடும். பட்டுத் தெரிந்துகொண்ட பாடம். முட்டைக்காரம்மா கையை இறக்கிக்கொண்டார்.

"பணம் உங்களுக்கு வரணும்னா நம்பர் போடவே வேண்டாம். நம்பர் கேட்டா பணம் உங்க கணக்கிலேர்ந்து போகப்போகுதுன்னு அர்த்தம். புரியுதா?"

"நல்லா புரியுது!" என்று எழுந்தார் ஓய்வுபெற்ற தபால்காரர். "நான் செத்தாலும் சொல்லமாட்டேன். ரெண்டு, அஞ்சு, எட்டு, சைபர். இது என்னோட போயிடும்."

அதிகாரி தலையில் கை வைத்துக்கொண்டாள். ஆனால் கூடத்தில் கிளம்பிய கூச்சல் வேறு.

"யோவ், என் நம்பர் உனக்கு எப்படிய்யா தெரியும்?"

"அது என் நம்பர்ப்பா!"

"என்னதும் அதுதானே?"

கடைசியில் விஷயம் வெளியே வந்தது. ஊர் முழுக்க ஒரே நம்பர். செல்போன் கடைக்காரர்தான் எல்லாருக்கும் போட்டுக் கொடுத்திருக்கிறார். போனில் எண்கள் இருக்கும் கட்டத்தின் நடுவில் மேலிருந்து கீழே நேராக விரலை இறக்கினால் போதும், யாரிடமும் சொல்லிவிடக்கூடாது என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக யோசனையும் சொல்லியிருக்கிறார். போனைத் திறக்கவும் அதே, பணம் அனுப்பவும் அதே. நல்ல மனுஷன், காசுகூட வாங்கவில்லையாம்.

"ஒரே சாவியை ஊருக்கே கொடுத்துட்டு பூட்டு எதுக்கு?" அதிகாரியின் குரல் உடைந்தது. ஒரு வண்டி திருடர்கள் வந்தாலும் இந்த ஊரை இவ்வளவு சுளுவாகத் திறந்து வைக்க முடியாது. மறுபடியும் மூன்றாம் வரிசைக் கை எழுந்தது.

"அம்மா, கடைசிலன்னு சொன்னேன்ல!"

எரிந்து விழுந்துவிட்டாள். கை சட்டென்று இறங்கியது. எல்லாரையும் நம்பர் மாற்றச் சொன்னாள். மாற்றும்போது ஒருவர் போனை ஒருவர் எட்டிப் பார்த்தார்கள். விரட்டி விரட்டித் தள்ளி உட்காரவைத்தாள். அதற்குள் ஒருவர் புது நம்பரை மறந்தே போனார். வீட்டுக்குப் போய் அழலாம் போலிருந்தது அவளுக்கு. கடைசித் தாளை எடுத்து ஒப்பிப்பதுபோல் வாசித்தாள்.

"போன் தொலைஞ்சா ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காம பேங்க்குக்குச் சொல்லணும். அவ்வளவுதான். இப்ப கேளுங்கம்மா, என்ன கேக்கணும்?"

முட்டைக்காரம்மா எழுந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டார்.

"ஒண்ணுமில்ல மேடம். காலைல பஸ்ல வந்தப்ப போனைக் காணோம். அதான் யார்கிட்ட சொல்லணும்னு கேக்கலாம்னு வந்தேன். நம்ம ஊர்க்காரங்கதான் பஸ் நிறைய இருந்தாங்க. நம்பர் யாருக்கும் தெரியாதேன்னு நானும் பயப்படல."

அதிகாரி மைக்கை அப்படியே போட்டுவிட்டுத் தன் கிளைக்குப் போன் அடித்தாள். முட்டைக்காரம்மாவின் பெயரையும் கணக்கையும் கேட்டுச் சொல்லி, பணம் வெளியே போகாதபடி உடனே நிறுத்தச் சொன்னாள். கண் ஆபரேஷனுக்குச் சேர்த்த பணமாம். பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள்.

"நிறுத்தியாச்சு," என்றார் கிளையில் இருந்தவர். "ஆனா பாதிக்கு மேல போயிடுச்சு. ஒரே தடவையா அனுப்பியிருக்காங்க. இப்பதான், அரை மணி நேரம் இருக்கும்."

அரை மணிக்கு முன்னால் அவள் இதே இடத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தாள். அந்தக் கையைப் பார்த்தாள். இறக்கச் சொன்னாள்.

"என்னம்மா, நீங்க கத்தியிருக்கக்கூடாதா?" யார் மேல் கோபம் என்று தெரியாமலே கேட்டாள்.

"நீங்கதானே மேடம், கடைசில கேக்கச் சொன்னீங்க?"

அந்தக் குரலில் குற்றச்சாட்டு இல்லை. அதுதான் தாங்கமுடியவில்லை. போன பணத்தைப் போய்ச் சேர்ந்த கணக்கிலேயே முடக்கிவைக்க வழி உண்டு, சீக்கிரம் சொன்னால். காவல்துறையின் இணைய மோசடிப் புகார் எண்ணை அழுத்தினாள். அழைப்பு போனது. பதிவுசெய்த குரல் ஒன்று, எல்லாரும் வேறு அழைப்பில் இருக்கிறார்கள், வரிசையில் காத்திருங்கள் என்றது.

"இவங்க ஏன் இப்படிக் காக்க வைக்கறாங்க!" என்று அதிகாரி கத்தியேவிட்டாள்.

முட்டைக்காரம்மா பக்கத்து நாற்காலியை இழுத்து அவளுக்குப் போட்டார்.

"உக்காருங்க மேடம். நான் இவ்வளவு நேரம் காத்திருக்கலையா?"