கலவை அறையைப் பூட்டும் யோசனை

போன வருஷம் தொழிலாளி மாரித்தாய் வெந்து இறந்த பட்டாசு மருந்துக் கலவை அறையைப் பூட்டச் சொல்ல, மேற்பார்வையாளர் வினோலியா முதலாளி அருள்பாண்டியிடம் போனாள். பேய்க்கதை என்று அவர் சிரிப்பார் என்பது தெரியும். அதனால் கோரிக்கையைக் கடைசிக்கு வைத்துக்கொண்டாள்.

“சீசன்ல ஆர்டர் நின்னுபோகும்னு நினைப்பீக, அண்ணாச்சி. கலவைக்கு லைசென்ஸ் உள்ள வடக்கு அறை சும்மாதான் கிடக்கு. பேய்க்குப் பயப்படணுமான்னும் கேப்பீக. பேய் இருக்குன்னு நான் சொல்லல. ஆனா யாரோ கூப்பிட்டாப்புல இருக்குன்னு பொம்பளைக திரும்பிப் பாக்காக. மருந்து கலக்கையில கை தடுமாறினா போதும். அதனால அந்த அறையைப் பூட்டிருவோம்.”

ஆளில்லாத அந்த அறைப்பக்கமிருந்து, “அண்ணாச்சி” என்று மாரித்தாயின் குரல் கேட்டது. இருவருமே திரும்பினார்கள்.

அருள்பாண்டி சாவியை எடுத்து நீட்டினார்.

“இப்பவே பூட்டிருங்க” என்றார்.