ஒரே ரசீது, இரண்டு முறை

வங்கிக் கணக்கும் கம்பெனிக் கணக்கும் தானாக ஒத்துப்போனதாகச் சரித்திரமே கிடையாது. கொடுத்த செக்கை வாங்கியவர் பீரோவில் வைத்துப் பூட்டியிருப்பார். போட்ட செக் இன்னும் பாஸாகாமல் கிடக்கும். எஸ்எம்எஸ் அனுப்பிய கூலி என்று வங்கி யாரையும் கேட்காமல் பதினேழு ரூபாய் எழுபது காசை எடுத்துக்கொள்ளும். இப்படிப்பட்ட வித்தியாசங்களை ஒவ்வொன்றாகப் பிடித்து, பக்கத்தில் காரணம் எழுதி, இரண்டு பக்கத்தையும் ஒத்துப்போக வைப்பது வைஜெயந்தியின் வேலை. போர்ட் பிளேரில் சிமென்ட்டும் கம்பியும் தகரமும் விற்கும் குழந்தைவேலுவின் கம்பெனியில் அவள்தான் கணக்கு. அண்ணன் பொதுப்பணித் துறையில் வேலை பார்த்தபோது கூட வந்தவள். அண்ணன் ஓய்வு பெற்று விருதுநகருக்கே குடும்பத்தோடு போய்விட்டார். இவள் டெய்ரி ஃபார்ம் என்ற பகுதியில் ஒற்றை அறையை வைத்துக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டாள். ஏன் தங்கினாய் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவளும் யோசித்திருப்பாள்.

மாதம் பிறந்ததும் வங்கி ஸ்டேட்மென்ட்டைப் பிரின்ட் எடுத்து, கம்ப்யூட்டரில் இருக்கும் பேங்க் லெட்ஜரோடு வரிவரியாகப் பார்த்து பென்சிலால் டிக் அடிப்பாள். பாஸாகாத செக்குகளைக் கூட்டிக் கழித்து, வங்கிச் செலவை எழுதி முடித்த பிறகும் ஒரு தொகை இடிக்கும். வங்கியில் இருப்பதைவிட லெட்ஜரில் அந்த அளவுக்குப் பணம் அதிகமாகத் தெரியும். போன மாதம் அது 3,870 ரூபாய். அவள் லாங் ஐலண்ட் தீவிலிருக்கும் டெப்போவின் வரவுகளைத்தான் முதலில் பார்ப்பாள். அங்கேதான் இருக்கும். 3,870 ரூபாய், அதே ரெஃபரன்ஸ் நம்பர், லெட்ஜரில் இரண்டு முறை. வங்கியில் ஒரே ஒரு முறை.

லாங் ஐலண்ட் டெப்போவுக்கு ஒரே ஆள், திருநாவுக்கரசு. கச்சால் தீவில் ரப்பர் தோட்டத்துக்குக் குடியேற்றப்பட்ட குடும்பம். மனைவி இறந்து வருஷங்களாகிவிட்டன, மகன் சென்னையில் ஏதோ வேலை. வாடிக்கையாளர்கள் கியூஆர் கோடை ஸ்கேன் செய்தால் பணம் நேராகக் கம்பெனிக் கணக்குக்குப் போய்விடும். அந்த வரவை அவர் அங்கிருந்தே கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். முன்பெல்லாம் நெட்வொர்க் படுத்துக்கொள்ளும். ஒரு முறை அழுத்தினால் திரை அசையாது, மறுபடி அழுத்துவார், என்ட்ரி இரண்டாகிவிடும். அப்படித்தான் இந்தக் கதை ஆரம்பித்தது.

தப்பைக் கண்டுபிடித்ததும் வைஜெயந்தி போன் போடுவாள். இருவரும் நேரில் பார்த்துக்கொண்டதே இல்லை.

"இருங்க மேடம், பில் புக்கை எடுக்குறேன்" என்பார். எடுக்க நேரமாகும். அந்த நேரத்தில் படகு வராத கதை, குடோனில் குட்டி போட்ட நாய், மழையில் நனைந்த சிமென்ட் மூட்டை எல்லாம் வந்துவிடும். நெத்திலிக் கருவாட்டில் மாங்காய் போட்டுக் குழம்பு வைப்பது எப்படி என்று ஒரு தடவை சொன்னார். மறுநாளே ஜங்லிகாட் மார்க்கெட்டில் கருவாடு வாங்கினாள். தனி ஆளுக்கு அவ்வளவு குழம்பு எதற்கு என்று அடுப்பை அணைத்த பிறகுதான் தோன்றியது. பேசி முடித்ததும் இரண்டாவது என்ட்ரியை அழிப்பாள், கணக்கு சரியாகிவிடும். மற்ற நாட்களில் அவளிடம் யாரும் அப்படி நிதானமாகப் பேசுவதில்லை. அவளுக்கு அந்த போன் பிடித்திருந்தது. அதைத் தனக்குத்தானே ஒப்புக்கொள்ளத்தான் பிடிக்கவில்லை.

இந்த வருஷம் ஆடிட்டுக்கு மெயின்லேண்டிலிருந்து அருண்பிரசாத் என்ற இளம் ஆடிட்டர் வந்திருந்தார். வந்த நாள் முதல் புழுக்கத்தைத் திட்டிக்கொண்டிருந்த மனிதர், இரண்டாம் நாள் திடீரென்று அமைதியாகிவிட்டார். ஆடிட்டர் அமைதியானால் யாருக்கோ நேரம் சரியில்லை என்று அர்த்தம்.

"மேடம், எந்த என்ட்ரியை யார் எப்போ போட்டாங்க, எப்போ அழிச்சாங்கன்னு சாஃப்ட்வேர்ல எடிட் லாக் இருக்கு, தெரியுமில்ல? இந்த வருஷத்து லாங் ஐலண்ட் டூப்ளிகேட் எல்லாம் பாருங்க. நெட்வொர்க் கோளாறுன்னா ரெண்டும் ஒரே நேரத்துல விழணும். இங்க முதல் என்ட்ரி மாசத்து நடுவுல, ரெண்டாவது மாசக் கடைசி நாள். யாரோ உட்கார்ந்து டைப் பண்ணியிருக்காங்க."

வைஜெயந்திக்கு முதலில் வந்தது கோபம்தான். இத்தனை நாள் ஒருவன் தன்னைத் தேட வைத்து வேடிக்கை பார்த்தானா? விஷயம் தெரிந்து முதலாளி பட்டியல் கேட்டார். இந்த வருஷத்து டூப்ளிகேட் எல்லாவற்றையும் வரிசையாக எழுதினாள். அப்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது. எல்லாமே தனித்துத் தெரியும் தொகை. 3,870. 6,145. 2,915. ஐயாயிரம், பத்தாயிரம் என்ற முழுத் தொகையில் ஒன்றுகூட இல்லை. முழுத் தொகை என்றால் ஸ்டேட்மென்ட்டில் பத்து இடத்தில் இருக்கும், அவள் அரை நாள் தேட வேண்டும். இவையோ பார்த்த மாத்திரத்தில் அகப்படுபவை. தேடுகிறவளுக்குச் சிரமம் வரக்கூடாது என்று பார்த்துப் பார்த்துப் போட்ட தப்பு. பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள். கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

பட்டியலைக் குழந்தைவேலு கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். வியாபாரத்தில் முடி நரைத்தவர், இந்தத் தந்திரம் அவருக்குத் தெரியும். ஒரு ரசீதை இரண்டு தடவை எழுதினால் வாடிக்கையாளரின் பாக்கி குறைந்துவிடும். அவர் பிற்பாடு ரொக்கமாகக் கட்டும்போது டெப்போ ஆள் அதை எழுதாமல் பையில் போட்டுக்கொள்ளலாம். லெட்ஜரில் பாக்கி இல்லாததால் யாரும் கேட்கமாட்டார்கள்.

"அப்படி எடுத்திருந்தா நான் ரெண்டாவது என்ட்ரியை அழிச்சதும் அந்த பாக்கி, கட்டினவங்க பேர்லயே திரும்ப நின்னிருக்கும் சார். அந்த பார்ட்டி எல்லாருக்கும் போன் பண்ணிக் கேட்டேன். அவங்க சொல்ற பாக்கியும் நம்ம பாக்கியும் ஒண்ணாத்தான் இருக்கு. ஒரு ரூபா குறையல" என்றாள் வைஜெயந்தி.

"டீக் ஹை, சரி. இதுவரைக்கும் எடுக்கல. இனிமே எடுக்கப் பழகுறானோ என்னமோ." விரல் பட்டியலில் இறங்கி ஓர் இடத்தில் நின்றது. "ஜூலை, ஆகஸ்ட் மட்டும் தப்பே இல்லையே, ஏம்மா?"

அவளும் அதைப் பார்த்திருந்தாள். அவர் பார்க்காமல் விடவேண்டும் என்று நினைத்திருந்தாள்.

"அப்போ நான் லீவு சார். ஆபரேஷனுக்கு மதுரை போயிருந்தேன். நம்ம ஆபீஸ் சின்னப் பொண்ணு சங்கவிதான் கணக்குப் பார்த்தா."

குழந்தைவேலு கண்ணாடியைக் கழற்றினார். அருண்பிரசாத் கம்ப்யூட்டரை உற்றுப் பார்த்தார். அவர்கள் நினைப்பதை வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை. நீ இருந்தால் தப்பு நடக்கிறது, நீ இல்லாவிட்டால் நடக்கவில்லை. போடுகிறவன் அங்கே, அழிக்கிறவள் இங்கே. கூட்டுக் களவுக்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? இத்தனை வருஷத்தில் ஒரு ரூபாய் பிசகாமல் உழைத்தவள் அவள்.

"அவனுக்குப் போன் போடு. ஸ்பீக்கர்ல வை" என்றார் முதலாளி.

முதல் மணியிலேயே எடுத்துவிட்டார். "மேடம்! என்ன, மாச நடுவுல?" குரலில் அவ்வளவு சந்தோஷம். அதைக் கேட்டதும் வைஜெயந்திக்கு மேசையைவிட்டு எழுந்து போய்விடலாம் போலிருந்தது.

"முதலாளியும் ஆடிட்டரும் பக்கத்துல இருக்காங்க" என்று மட்டும் சொன்னாள். அந்த எச்சரிக்கையைக் கொடுக்க முடிந்ததே பெரிது.

குழந்தைவேலு சுற்றி வளைக்கவில்லை. "தேக்கோ திருநாவு, ஒரே ரசீதை மாசக் கடைசியில வேணும்னே ரெண்டாவது தடவை போட்டிருக்க. வைஜெயந்தி லீவுல இருந்தா மட்டும் போடல. நீங்க ரெண்டு பேரும் என்ன செய்றீங்க?"

அந்தப் பக்கம் படகு இன்ஜின் ஒன்று தூரத்தில் இரைந்து ஓய்ந்தது.

"மேடத்துக்கு ஒண்ணும் தெரியாதுங்க. நாந்தான் போட்டேன். வேணும்னுதான் போட்டேன்."

"எதுக்கு?"

"தப்பு இருந்தாத்தாங்க போன் வரும்."

குழந்தைவேலுவுக்குப் புரியவில்லை. "க்யா?"

"சரியா இருந்தா யாருங்க நம்மளைக் கூப்பிடுறா? முன்ன நெசமாவே தப்பு வந்துக்கிட்டு இருந்திச்சி, மேடம் பேசுவாங்க. போன வருஷம் நெட்வொர்க் நல்லா ஆயிருச்சி. ஒரு மாசம் எல்லாம் சரியா இருந்திச்சி, போன் வரல. அடுத்த மாசம் நானே ஒண்ணு போட்டேன். சின்னப் பொண்ணு இருந்த ரெண்டு மாசமும் போடல. அது பேசாதுங்க, வாட்ஸ்அப்புல கட்டைவிரலை அனுப்பும். அதுக்கு எதுக்குத் தப்பு?" மூச்சு வாங்கினார். "காசு எடுக்கல சார். இங்க சாயங்காலம் படகு போச்சின்னா மனுசன் குரலே இல்ல. அவ்வளவுதான்."

அருண்பிரசாத் பேனாவை மூடினார். திருடன் என்றால் போலீஸ், கவனக்குறைவு என்றால் சம்பளப் பிடித்தம். இதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று குழந்தைவேலுவுக்கே தெரியவில்லை. "அரே..." என்றார். கொஞ்ச நேரம் நெற்றியைத் தேய்த்தார். பிறகு முதலாளிக்கு உரிய கடுமையை எங்கிருந்தோ தேடி எடுத்தார். "வேலையில இரு. ஆனா இனிமே நீ என்ட்ரி போட வேணாம். பேங்க்லேந்தே நேரா வரவு ஏறுற மாதிரி ஆடிட்டர் செஞ்சு தருவார்."

"சரிங்க" என்றார் திருநாவுக்கரசு. வைஜெயந்தியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பேச முடியாது என்று அவளுக்கும் தெரிந்தது.

அருண்பிரசாத் சொன்னபடி செய்து கொடுத்துவிட்டு விமானம் ஏறினார். அடுத்த மாதம் பிறந்தது. வைஜெயந்தி பழக்கத்தில் ஸ்டேட்மென்ட்டைப் பிரின்ட் எடுத்துப் பென்சிலைச் சீவினாள். லாங் ஐலண்ட் வரவுகள் ஒன்றுகூட இடிக்காமல் தானாக வந்து உட்கார்ந்திருந்தன. பாஸாகாத இரண்டு செக்கைக் கழித்தாள், வங்கிச் செலவை ஏற்றினாள். வித்தியாசம் இல்லை. டீ வருவதற்குள் வேலை முடிந்துவிட்டது. குழந்தைவேலு எட்டிப் பார்த்து, "ஏக்தம் சரியா? சபாஷ்!" என்று போனார்.

தன் வாழ்க்கையில் இப்படி ஒரு பாழாய்ப்போன மாதத்தைப் பார்த்ததில்லை என்று அவளுக்குத் தோன்றியது. மறுபடி முதல் வரியிலிருந்து பார்த்தாள். ஏதாவது இருக்காதா என்று பார்த்தாள். இவ்வளவு ஆசையாக ஒரு பிழையைத் தேடிய கணக்காளர் அந்தமானில் வேறு யாரும் இருந்திருக்கமாட்டார்கள். ஒன்றும் இல்லை. பழைய பில்லில் சந்தேகம் என்று எதையாவது சொல்லிக் கூப்பிடலாம். அவர் செய்ததும் அதுதானே? அவரை முதலாளியின் முன்னால் அப்படிச் சொல்ல வைத்துவிட்டு, தான் மட்டும் ஒரு பில்லின் பின்னால் ஒளிந்துகொள்ள அவளுக்கு வெட்கமாக இருந்தது.

குடோன் பக்கம் போய் நின்று நம்பரை அழுத்தினாள். இந்த முறை மணி வெகுநேரம் அடித்தது.

"சொல்லுங்க மேடம்." பயந்த குரல். "நான் இப்ப எதையும் தொடுறதில்லீங்க. எவ்வளவு வித்தியாசம் வருது?"

"வித்தியாசம் ஒண்ணும் இல்ல சார். எல்லாம் சரியா இருக்கு."

லைன் போய்விட்டதோ என்று அவள் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். போகவில்லை.

"எல்லாம் சரியா இருந்துமா கூப்பிட்டீங்க?" என்றார் அவர்.

"ஆமா."

அதற்கு மேல் என்ன பேசுவதென்று இருவருக்கும் தெரியவில்லை. தேட ஒரு தொகை இல்லாமல், எடுக்க ஒரு பில் புக் இல்லாமல் அவர்கள் பேசியதே கிடையாது. அவர் மூச்சுவிடுவது கேட்டது. அவள் மூச்சு அவருக்கும் கேட்டிருக்கும். யாரும் போனை வைக்கவில்லை.