ஓடுது, ஆனா காத்து வரல

மத்தியானம் மூணு மணியானால் அம்பத்தூர் எஸ்டேட்டின் அந்த ஏசி அறையில் டில்லிபாபு அரைத்தூக்கத்தில் மிதக்க ஆரம்பித்துவிடுவான். காதில் 'ஹலோ' விழுந்தால் ஆங்கிலத்தில் மிதப்பான், 'அலோ' விழுந்தால் தமிழில். வீட்டுக்கு ஆக்சிஜன் மிஷின் விற்கும் கம்பெனியின் உதவி எண் அது. இரண்டு மொழி அழைப்புகளும் ஒரே வரிசையில் வரும். புகார்க் குறிப்பை மட்டும் ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். போன வாரம் சாம்பார் ஊற்ற வந்த அம்மாவிடம் "தேங்க்ஸ் ஃபார் ஹோல்டிங்" என்றவன் அவன்.

எழுதிய குறிப்பை அனுப்பும் முன், பேசியவருக்கு அவர் மொழியிலேயே திருப்பிச் சொல்வது அவன் வழக்கம். அதற்கு நாற்பது வினாடி ஆகும்.

"இன்னா டில்லி, கதாகாலட்சேபமா? வரிசையில ஒம்பது பேர் நிக்கிறாங்க" என்றாள் டீம் லீடர் கவிப்பிரியா.

அன்று அதை விட்டுவிட்டான்.

முதலில் பெங்களூர் கிரண். மிஷினில் விளக்கே எரியவில்லையாம். 'நோ பவர்' என்று தட்டினான். அடுத்து நசரத்பேட்டை சரசா.

"மிஷின் ஓடுது தம்பி. வூட்டுக்காரர் மூக்குக்குத்தான் காத்து வரல. சிலிண்டர் மாட்டிக்கீறேன், ஒரு மணி நேரம் தாங்கும்."

காது நசரத்பேட்டைக்கு வந்துவிட்டது. விரல்கள் இன்னும் பெங்களூரிலேயே உலாத்திக்கொண்டிருந்தன. "ஆள் வருவாரும்மா" என்று வைத்தான்.

திரையில் இரண்டு வரிகள் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி படுத்திருந்தன. நோ பவர். நோ பவர். 'நோ பவர்' என்றால் போனில் சோதிக்க மாட்டார்கள். ஆள்தான் போவான், அதற்கு நாலு மணி நேரம் ஆகும். சிலிண்டருக்கு ஒரு மணி நேரம்.

கனவு சட்டென்று வற்றியது. 'பிரேக்' பொத்தானை அழுத்திவிட்டு சரசாவைக் கூப்பிட்டான்.

"மிஷின் ஆன் ஆகலன்னு எழுதிட்டேம்மா. சரியா?"

"யார் சொன்னா? பஸ்ஸு மாதிரி உறுமிகினு கீது. தூங்கினியா நைனா?"

"லேசா. குழாய் எங்கியாச்சும் மடங்கிக்கீதா?"

"இல்ல."

"மிஷின்ல காத்து போற தண்ணி பாட்டில் மூடி?"

"காலையில தண்ணி மாத்தினேன்... கோணலா கீதுப்பா."

"கழட்டி நேரா வெச்சு இறுக்குங்க. மூக்குல வைக்கிற நுனிய டம்ளர் தண்ணில விடுங்க."

தூரத்தில் மிஷினின் உறுமல். பிறகு, குளத்தடியில் யாரோ சிரிப்பதுபோல், களக் களக்.

"குமிழி வருது தம்பி" என்றாள் சரசா. அவள் அழுவதை இரண்டு மொழியிலும் அவன் குறித்துக்கொள்ளவில்லை.

குறிப்பைத் திருத்தினான். தமிழில் சொல்லிக் காட்டினான். சரசா ஒவ்வொன்றுக்கும் உம் கொட்டினாள்.

பின்னால் நின்ற கவிப்பிரியா, 'நோ பவர்' போய் மாறியிருந்த வரியைப் பார்த்தாள்.

"காலட்சேபம் நடக்கட்டும்" என்றாள். "கொஞ்சம் வேகமா."

அடுத்த அழைப்பு 'ஹலோ' என்றது. தமிழ்க் கரையிலிருந்து எதையும் எடுத்துக்கொள்ளாமல், வெறுங்கையோடு ஆங்கிலக் கரைக்கு நீந்திப் போனான்.