பத்து மணி ஷிப்ட்

மருந்துக் கம்பெனியின் பேக்கிங் பிரிவில் அவரைப் பஸ்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். எட்டு மணி ஷிப்டுக்குப் பிந்தி வரும்போதெல்லாம் பஸ்ஸைத்தான் காரணம் சொல்வார்.

மேலாளர் கடிதத்தை அவர் பக்கம் நகர்த்தினார். "முதல்ல வாயால சொன்னேன், அப்புறம் எழுத்துல குடுத்தேன். இது கடைசி எச்சரிக்கைண்ணே. ஆறு மாசத்துக்குள்ள இன்னொரு தடவை லேட்டானா வேலை போயிடும்."

கடிதத்தில் அவர் பிந்தி வந்த ஒன்பது தேதிகள் இருந்தன. அந்த ஒன்பது நாளும் மைத்துனி வந்து சேரும்வரை மனைவியின் படுக்கையருகே காத்திருந்தவர் அவர். ஒன்பதாவது தேதிக்கு மறுநாள் மனைவி இறந்துபோனாள். துக்க விடுப்பு முடிந்து இன்றுதான் வேலைக்கு வந்திருந்தார்.

"அண்ணி எத்தனை நாளா படுக்கையில இருந்தாங்க?"

"ஒன்றரை வருஷமா."

"ஏண்ணே சொல்லல? பத்து மணி ஷிப்டுக்கு மாத்தியிருப்பேனே. இதுக்குன்னே விண்ணப்ப ஃபாரம் இருக்கு."

வீட்டு நிலைமை தெரிந்தால் உதவாத ஆள் என்று கழித்துவிடுவார்கள் என நினைத்து இத்தனை நாளும் அதை மறைத்திருந்தார். இப்படி ஒரு வழி இருப்பதை யாரிடமும் கேட்கவும் இல்லை.

"விளக்கம்னு இடம் விட்டிருக்கு பாருங்க. நடந்ததை எழுதுங்க. மேலிடத்துல பேசி கடிதத்தை ரத்து பண்ணப் பார்க்கிறேன்."

பேனாவை வாங்கினார். இத்தனை நாள் சொன்ன பஸ் வெறும் சாக்கு அல்ல. மனைவியையே ஒளித்துவைத்த சாக்கு. போன பிறகு அவளைக் காரணமாக எழுத மனமில்லாமல் விளக்கத்தை வெறுமையாக விட்டு, பெற்றுக்கொண்டேன் என்ற இடத்தில் மட்டும் கையெழுத்திட்டார்.

"இனிமே லேட்டாகாதுங்க" என்றார்.